ரீடபிலிட்டி ஸ்கோர்: திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்கள்

இங்கிலீஷ்ல ப்ளாக் எழுதுற நம்ம ஆளுங்க கேக்குற கேள்விகளை, கேட்ட மாதிரியே இங்க போட்டிருக்கேன். எழுத்து படிக்க எவ்ளோ சுலபம்னு டூல் போடுற மார்க்தான் ரீடபிலிட்டி ஸ்கோர். அதுக்கு ஃபார்முலா நெறைய இருக்கு, ஆனா முக்கால்வாசி டூல்ல கண்ணுல படறது ஃப்ளெஷ் ஸ்கோர்தான், அதனால அதையே புடிச்சுக்கிட்டு போறேன்.

ரீடபிலிட்டி ஸ்கோர் 62-னு காட்டுது. இது பாஸா ஃபெயிலா?

ரெண்டும் இல்ல. நீங்க பாக்குறது அனேகமா ஃப்ளெஷ் ரீடிங் ஈஸ். நம்பர் ஏற ஏற படிக்க சுலபம்னு அர்த்தம். 90-க்கு மேலன்னா அமெரிக்காவுல 5-ம் கிளாஸ் பையன் படிச்சிருவான், 60-லருந்து 70 வரைக்கும் 8, 9-ம் கிளாஸ் லெவல், சாதாரண இங்கிலீஷ்னு சொல்றது இதைத்தான். 30-க்கு கீழ போனா காலேஜ் முடிச்சவங்களுக்கான எழுத்து. உங்க 62 அந்த நடு வரிசையில இருக்கு, அவ்ளோதான் சேதி.

இதை உண்டாக்குனவர் ருடால்ஃப் ஃப்ளெஷ். வியன்னாவுல பொறந்து அமெரிக்காவுக்குப் போனவர், இந்த ஃபார்முலா வெளிவந்தது 1948-ல. கம்ப்யூட்டர்ல போடறதுக்காக வந்தது இல்ல, பேப்பர் பென்சிலோட உக்காந்து 100 வார்த்தை சாம்பிள் எடுத்து எண்ணுறதுக்காக வந்தது. இது ஞாபகம் இருந்தா பின்னால வர்ற பாதி குழப்பம் வராது.

என் போஸ்ட்டை அது படிச்சுப் பாத்துட்டுத்தான் மார்க் போடுதா?

ஒரு வரி கூட படிக்கறதில்ல. எண்ணுது, அதுவும் மூணே மூணு விஷயம்: எத்தனை வார்த்தை, எத்தனை வாக்கியம், எத்தனை சிலபிள், அதாவது உச்சரிப்பு அசை. ஃபார்முலா இதுதான்:

```
206.835 - 1.015 × (words / sentences) - 84.6 × (syllables / words)
```

அதாவது வாக்கியம் சராசரியா எவ்ளோ நீளம், வார்த்தை சராசரியா எவ்ளோ நீளம், இந்த ரெண்டுதான். உங்க வாக்கியத்துக்குள்ள இருக்குற வார்த்தைகளை எல்லாம் குலுக்கிப் போட்டு, அர்த்தமே இல்லாம வரிசை மாத்தி வெச்சு, கடைசியில புள்ளி மட்டும் அதே இடத்துல விட்டீங்கன்னா ஸ்கோர் ஒரு பாயின்ட் கூட நகராது. சந்தேகமா இருந்தா செஞ்சு பாருங்க, அரை நிமிஷ வேலை.

206.835, 84.6, இந்த நம்பரெல்லாம் எங்கருந்து குதிச்சுது?

அமெரிக்க ஸ்கூல்கள்ல மெக்கால்-க்ராப்ஸ்னு ஒரு வாசிப்புப் பாடத் தொகுப்பு இருந்துச்சு, சின்னச் சின்னப் பத்தி, ஒவ்வொண்ணுக்கும் கீழ கேள்வி. எந்தப் பத்திக்கு எந்தக் கிளாஸ் பசங்க சரியா பதில் சொன்னாங்கங்கற கணக்கை வெச்சு, அந்தப் பத்திகளோட வாக்கிய நீளம், சிலபிள் எண்ணிக்கையோட பொருத்திப் பாத்து, புள்ளியியல் முறையில வந்த எண்கள் அது. ஃபார்முலா யாரோட புரிதலை முன்கூட்டி சொல்லுதுன்னு கேட்டா, அந்தக் காலத்து அமெரிக்க ஸ்கூல் பசங்களோடது.

கூடவே எந்தக் கிளாஸ் பசங்களுக்குப் புரியும்னு சொல்ற 'கிரேட் லெவல்'னு இன்னொரு நம்பர் வரும்ல, ஃப்ளெஷ்-கின்கெய்ட், அது 1975-ல அமெரிக்க கடற்படைக்காக பண்ணது. ட்ரெயினிங் ஸ்கூல்ல இருந்த 531 கடற்படை ஆளுங்களுக்கு அவங்க ட்ரெயினிங் மேனுவல்லருந்தே பத்தி எடுத்துக் குடுத்து டெஸ்ட் வெச்சாங்க. எண்ணுறது அதே ரெண்டைத்தான், பெருக்குற எண் மட்டும் வேற. மேனுவல் படிக்கிற சிப்பாய்க்கு போட்ட அளவுகோலை, சாயங்காலம் பஸ்ல போன்ல சமையல் குறிப்பு படிக்கிறவங்களுக்கு வெச்சுப் பாக்குறோம்.

ஒரு தடவை கையால போட்டுக் காட்டுங்களேன்

தாராளமா. மாடித்தோட்டம் பத்தின ஒரு போஸ்ட்ல இந்த வரி இருக்குன்னு வெச்சுக்கங்க:

```
The pump stopped because the tank was empty, so the plants on the roof dried up.
```

16 வார்த்தை, 1 வாக்கியம். சிலபிள் எண்ணுனா 18, ஏன்னா `because`, `empty` ரெண்டுக்கு மட்டும் தலா 2, மத்ததெல்லாம் 1. வார்த்தைக்கு சராசரி 1.125. இப்போ 206.835-லருந்து 16.24 கழிச்சு, அப்புறம் 95.175 கழிச்சா 95.4. ரொம்ப ஈஸியான வரி.

ஒரே ஒரு வரியை வெச்சு ஸ்கோர் போடறது நிஜத்துல தப்பு, குறைஞ்சது 100 வார்த்தையாவது வேணும், இல்லன்னா நம்பர் கன்னாபின்னான்னு ஆடும். இங்க உள்ள என்ன நடக்குதுன்னு தெரியறதுக்காக மட்டும் போட்டேன்.

அப்போ வாக்கியத்தை எல்லாம் ஒடச்சுப் போட்டா ஸ்கோர் ஏறிடும்ல?

ஏறும். மேல இருக்குற அதே வரியை ஒடச்சுப் பாக்கலாம்:

```
The pump stopped. The tank was empty. The plants on the roof dried up.
```

14 வார்த்தை, 3 வாக்கியம், 15 சிலபிள். ஸ்கோர் 111.5. (ஆமா, 100-ஐ தாண்டும். ஒரு சிலபிள்ல ஒரு வார்த்தை, அதுவே ஒரு வாக்கியம்னு எழுதுனா 121 வரைக்கும் போகும்.) 16 பாயின்ட் லாபம். ஆனா இப்போ படிச்சுப் பாருங்க, டேங்க் காலியானதால மோட்டார் நின்னுச்சா, மோட்டார் நின்னதால டேங்க் காலியாச்சா? முதல் வரியில தெளிவா இருந்துச்சு. ரெண்டாவதுல பெரும்பாலானவங்க தலைகீழாத்தான் எடுத்துப்பாங்க, மோட்டார் நின்னுச்சு அதனால தண்ணி இல்லன்னு, ஏன்னா வீட்டுல வழக்கமா நடக்குறது அதுதான். வாசகர் போய் மெக்கானிக்கைக் கூப்பிடுவார், பாக்க வேண்டியது தொட்டியை.

`because`, `so`, `although`, `unless` மாதிரி சொற்கள்தான் ரெண்டு விஷயத்துக்கு நடுவுல என்ன உறவுன்னு சொல்லுது. வாக்கியத்தை ஒடைக்கிறப்போ முதல்ல பலியாகறது அதுங்கதான், ஸ்கோருக்கு அந்த நஷ்டம் தெரியவே தெரியாது, லாபமாத்தான் காட்டும்.

இதை டெஸ்ட் பண்ணியும் பாத்திருக்காங்க. 1982-ல டஃபியும் கபான்ஸும் பத்திகளை சின்ன வாக்கியம், சுலபமான வார்த்தைன்னு மாத்தி எழுதி ரெண்டு வடிவத்தையும் படிக்கக் குடுத்தாங்க, கிரேட் லெவல் நல்லா எறங்குச்சு, புரிதல் அதுக்கு ஏத்த மாதிரி கூடவே இல்ல. காய்ச்சல்காரர் வாயில ஐஸ் வெச்சுட்டு தெர்மாமீட்டர் பாக்குற கதைதான் இது. நீள வாக்கியமும் நீள வார்த்தையும் கஷ்டமான எழுத்துல அதிகமா தென்படும், அது அறிகுறி. கஷ்டத்துக்குக் காரணம் பல சமயம் வேற எங்கயோ இருக்கும்.

கொலஸ்ட்ரால் பத்தி எழுதுறேன், தலைகீழா நின்னாலும் 50-ஐ தாண்ட மாட்டேங்குது

ஃபார்முலாவுல ரெண்டு பக்கமும் ஒரே எடை இல்ல, சிக்கல் அங்கதான். வாக்கிய சராசரியை 20-லருந்து 12-க்கு கொண்டு வந்தீங்கன்னா கிடைக்கிறது சுமார் 8 பாயின்ட். அதே 8 பாயின்ட் சிலபிள் சராசரி வெறும் 0.1 கூடினாலே காணாமப் போயிடும்.

உங்க கேஸையே எடுப்போம். 600 வார்த்தை போஸ்ட், அதுல `cholesterol` 20 தடவை வருது. அதுக்கு 4 சிலபிள், அந்த இடத்துல ஒரு சிலபிள் வார்த்தை இருந்திருந்தா இருக்குறதை விட 3 அதிகம். 20 × 3 = 60, அதை 600-ஆல வகுத்தா 0.1. போச்சா 8.46 பாயின்ட், தலைப்பு வார்த்தை ஒண்ணாலயே. ஆனா அந்த போஸ்ட்டைத் தேடி வர்றவங்களுக்கு அந்த வார்த்தை தெரியும், அதைத் தேடித்தான் வந்தே இருக்காங்க, இருபதாவது தடவை பாக்கறப்போ தடுக்கப் போறதும் இல்ல. ஃபார்முலாவுக்கு மட்டும் இருபதாவது தடவையும் முதல் தடவைதான்.

நான் செய்யச் சொல்றது இது: தலைப்பு வார்த்தைக்குப் பதிலா டெம்பரரியா `fat`-னு ஒரு காப்பியில மாத்திப் போட்டு ஸ்கோர் பாருங்க. அப்பவும் 50-லயே நின்னா பிரச்சனை உங்க வாக்கியத்துல இருக்கு. 60-கிட்ட ஏறிடுச்சுன்னா விட்டுத் தள்ளுங்க, ஒரிஜினலைத் தொடாதீங்க.

சின்ன வார்த்தைன்னா ஈஸி, பெரிய வார்த்தைன்னா கஷ்டம். இது சரிதானே?

மொத்தமா பாத்தா பரவாயில்லாத கணிப்பு, இங்கிலீஷ்ல அடிக்கடி புழங்குற வார்த்தைங்க பெரும்பாலும் குட்டையாத்தான் இருக்கும். தனித்தனியா பாத்தா சிரிப்புதான் வரும்:

```
The writ was moot.
The banana is on the television.
```

முதல் வரிக்கு 118, ரெண்டாவதுக்கு 45.6. ரெண்டாவது வரி யூகேஜி குழந்தைக்குப் புரியும், கிரேட் லெவல் கணக்குல அது 8-ம் கிளாஸ். முதல் வரி கோர்ட்டுப் பக்கம் போகாத பட்டதாரிக்கே புரியாது.

நம்ம வாசகர்களுக்கு இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு, அமெரிக்காக்காரன் இதை யோசிச்சிருக்கவே மாட்டான். `We tolerate the noise`-க்கு 75.9, `We put up with the noise`-க்கு 116. இங்கிலீஷை ஸ்கூல்ல பாடமா படிச்சு வந்தவங்க எத்தனையோ பேருக்கு முதல் வரி சட்டுனு புரியும், ரெண்டாவதுல ஒவ்வொரு வார்த்தையும் தெரிஞ்சும் சேந்து என்ன அர்த்தம்னு தடுமாறுவாங்க. உங்க ப்ளாக்கைப் படிக்கிறது யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும், ஸ்கோருக்குத் தெரியாது. தாய்மொழிக்காரங்களுக்கு எழுதறதா இருந்தா ஸ்கோர் சொல்றது ஓரளவு சரி, இங்க இருக்குறவங்களுக்குன்னா அந்த குட்டி வார்த்தைக் கூட்டணிகள்ல கவனம் வைங்க.

வார்த்தை நீளத்துக்குப் பதிலா தெரிஞ்ச வார்த்தையான்னு பாக்குற ஃபார்முலாவும் உண்டு, டேல்-சால். அமெரிக்க 4-ம் கிளாஸ் பசங்க 80 பெர்சென்ட் பேருக்குத் தெரிஞ்ச சுமார் 3000 வார்த்தை லிஸ்ட் ஒண்ணு வெச்சு, அதுல இல்லாதது எத்தனைன்னு எண்ணும். ஐடியா நல்ல ஐடியா. ஆனா மறுபடியும் அமெரிக்கப் பசங்க.

ஒரே போஸ்ட்டை மூணு டூல்ல போட்டேன், மூணும் வேற வேற நம்பர் சொல்லுது. எதை நம்பறது?

முதல்ல மூணும் ஒரே ஃபார்முலாவான்னு பாருங்க. ஹெமிங்வே எடிட்டர் காட்டுற கிரேட், சிலபிளை எண்ணுறதே இல்ல, எழுத்தை எண்ணுற ஏ.ஆர்.ஐ முறை. அதையும் ஃப்ளெஷையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடக்கூடாது.

ஃபார்முலா ஒண்ணா இருந்தாலும் எண்ணுற விதம் வேறபடும். இங்கிலீஷ்ல சிலபிளை எழுத்தை வெச்சு யூகிக்கறது சிரமம், `stopped`, `dried` மாதிரி ஒரு சிலபிள் வார்த்தையை ரெண்டுன்னு எண்ணுற டூல் இருக்கு. அதை விடப் பெரிய தொல்லை புள்ளி. நீங்க 8 வரி லிஸ்ட் போட்டு ஒவ்வொண்ணுலயும் 6 வார்த்தை எழுதி கடைசியில புள்ளி வெக்காம விட்டா, சில டூல் அதை 48 வார்த்தை உள்ள ஒரே வாக்கியம்னு எடுத்துக்கும். `Dr.`, `3.5` மாதிரி இடத்துல தலைகீழ், வாக்கியம் முடிஞ்சுடுச்சுன்னு வெட்டிடும், ஸ்கோர் இலவசமா ஏறும். லிங்க், கோட், பட்டியல், தலைப்பு எல்லாத்தையும் எடுத்துட்டு ஓடுற உரையை மட்டும் ஒரு ஃபைல்ல போட்டு, எப்பவும் ஒரே டூல்ல போடுங்க. பைத்தான் தெரிஞ்சவங்க `pip install textstat` போட்டுட்டா இது போதும்:

```python
import textstat
t = open("post.txt", encoding="utf-8").read()
print(textstat.flesch_reading_ease(t))
print(textstat.flesch_kincaid_grade(t))
```

ரெண்டு மூணு பாயின்ட் வித்தியாசத்தை எல்லாம் வித்தியாசமாவே எடுத்துக்காதீங்க.

இவ்ளோ குத்தம் சொல்றீங்க, அப்போ இது எதுக்குமே ஆகாதா?

ஆகும், எங்க வைக்கிறோம்கறதுதான் விஷயம். ஒரே ஆள், ஒரே மாதிரி சப்ஜெக்ட், ஒரே டூல்னு இருந்தா ஃப்ளெஷ் ரொம்ப நம்பகமான ஆளு. உங்க வழக்கமான போஸ்ட் எல்லாம் 58-லருந்து 65-க்குள்ள வருது, இன்னைக்கு எழுதுனது 41-னு வந்தா, என்னமோ நடந்திருக்கு, போய்ப் பாருங்க. பெரும்பாலும் எங்கருந்தோ எடுத்து ஒட்டுன அரசாங்க அறிவிப்பு பாணி பத்தி ஒண்ணு உள்ள உக்காந்திருக்கும், இல்லன்னா `implementation of the utilization`னு வினையை எல்லாம் பெயராக்கி எழுதியிருப்பீங்க. இந்த ரெண்டாவது வியாதியை இந்த ஸ்கோர் நல்லாவே புடிக்கும், ஏன்னா அப்படிப்பட்ட சொல்லெல்லாம் நாலு அஞ்சு சிலபிள்.

மொத்த போஸ்ட்டுக்கு ஒரு நம்பர் எடுக்கறதை விட பெரிய பத்திகளுக்குத் தனித்தனியா எடுத்தா பிரயோஜனம் அதிகம். மொத்தம் 63-னு இருக்குற போஸ்ட்டுக்குள்ள 80, 78, 30-னு இருக்கலாம், வாசகர் அந்த 30-லதான் டேபை மூடிட்டுப் போறார். நம்பரை இடம் காட்டுறதுக்கு வெச்சுக்கங்க. அந்த இடத்துல என்ன செய்யணும்னு அது சொல்லாது, மேல பம்ப் வரியில பாத்த மாதிரி.

பொது வாசகர்களுக்குன்னா எத்தனை ஸ்கோர் வெக்கணும், ஒரு நம்பர் சொல்லுங்க

60-ஐ ஒட்டி இருந்தா யாரும் எதுவும் சொல்லப்போறதில்ல. ஆனா இங்கதான் ஸ்கோர் ரொம்பக் கோட்டை விடுது. பொது வாசகர்னா ஒரே ஆள் இல்ல. மியூச்சுவல் ஃபண்ட் பத்தி 75 ஸ்கோர்ல எழுதுன போஸ்ட்ல `NAV`, `load`, `units` எல்லாம் விளக்காம வந்துச்சுன்னா, முதல் தடவை பணம் போட வர்றவருக்கு அது 20 ஸ்கோர் எழுத்துக்கு சமானம், ஏற்கனவே போட்டவருக்கு 90. எழுத்து ஒண்ணுதான், அவங்க ஏற்கனவே தெரிஞ்சு வெச்சிருக்குறது வேற.

`it`, `this`, `they` எதைக் குறிக்குதுன்னு குழப்பம் இருந்தா ஸ்கோர் உசரத்தான் செய்யும், எல்லாம் ஒரு சிலபிளாச்சே. முக்கியமான தகவல் ஒன்பதாவது பத்தியில ஒளிஞ்சிருந்தா அதுவும் தெரியாது. சொல்ற விஷயம் தப்பா இருந்தா சுத்தமா தெரியாது.

தமிழ்ல எழுதுறேன், இதே ஸ்கோரைப் போட்டுப் பாக்கலாமா?

வேணாம். "அம்மா நேத்து கடைக்குப் போனாங்க". 4 வார்த்தை, 10 அசை. ஃபார்முலாவுல போட்டா மைனஸ் 8.7. இதை விடக் குழந்தைத்தனமான வரி கிடையாது, ஃப்ளெஷ் கணக்குல இது ஆராய்ச்சிக் கட்டுரை. நம்ம மொழியில விகுதி, வேற்றுமை, மறுப்பு எல்லாம் ஒரே சொல்லுல ஒட்டிக்கும், 'வரமுடியாதவர்களுக்காகத்தான்'னு ஒரே வார்த்தையில 12 அசை போகும், அதைப் படிக்க யாரும் திணறறதில்ல. அதோட 'வந்து விட்டது'னு பிரிச்சு எழுதறதும் 'வந்துவிட்டது'னு சேத்து எழுதறதும் நம்ம இஷ்டம், ஒரு ஸ்பேஸ் தட்டுனா ஸ்கோர் மாறும்னா அது என்ன ஸ்கோர்.

சில ஆன்லைன் டூல்ல தமிழை ஒட்டுனா 100-க்கு மேல காட்டும், அதைப் பாத்து சந்தோஷப்படாதீங்க. `a, e, i, o, u` தேடிப் பாத்து ஒண்ணும் கிடைக்காம வார்த்தைக்கு 1 சிலபிள்னு போட்டிருக்கும். ஜெர்மனுக்கு அம்ஸ்டாட்னு ஒருத்தர் 1978-ல எண்களை மாத்திப் போட்டார், ஸ்வீடன்ல லிக்ஸ்னு தனி முறையே வந்துச்சு, அந்தந்த மொழிக்கு அளவை புதுசா போட்டுத்தான் ஆகணும். தமிழுக்கு வாக்கிய நீளத்தை மட்டும் கண்காணிங்க, 20 வார்த்தை தாண்டுற வாக்கியம் வரிசையா வந்தா திரும்பப் பாருங்க, அது போதும். (இந்தப் பக்கத்தை வெச்சு என்னை எண்ணிப் பாக்காதீங்க.)

ஸ்கோர் கம்மியா இருந்தா கூகுள்ல கீழ போயிடுமா?

ஃப்ளெஷ் ஸ்கோரை ரேங்கிங்ல எடுத்துக்கறோம்னு கூகுள் சொன்னதில்ல. வேர்ட்ப்ரஸ் ப்ளாக்குக்கான யோஸ்ட் ப்ளக்கின்ல முன்னாடி பச்சை, சிவப்பு விளக்கோட ஃப்ளெஷும் சேந்து இருந்துச்சு, இப்போ அதைத் தனியா எடுத்து இன்சைட்ஸ் பக்கம் வெச்சுட்டாங்க, வெறும் தகவலா. மிச்ச விளக்கெல்லாம் அவங்க வெச்ச வரம்பு, பச்சையாக்கறதுக்காக ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாடியும் `However`, `Moreover` சொருகறது தேவையில்லாத வேலை.

ஸ்கோரை விட்டுட்டா, படிக்கிறவங்களுக்குப் புரியுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

1953-ல வில்சன் டெய்லர் ஒரு முறை சொன்னார், க்ளோஸ் டெஸ்ட்னு பேரு. போஸ்ட்லருந்து 250 வார்த்தை அளவு ஒரு பகுதி எடுங்க, முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுட்டு அப்புறம் ஒவ்வொரு அஞ்சாவது வார்த்தையையும் எடுத்துட்டு கோடு போடுங்க. உங்க வாசகர் மாதிரி இருக்குற நாலஞ்சு பேர்கிட்ட குடுத்து நிரப்பச் சொல்லுங்க, நீங்க எழுதுன அதே வார்த்தை வந்தா மட்டும் மார்க். எழுத்துப்பிழையைக் கண்டுக்காதீங்க. 60 பெர்சென்ட்டுக்கு மேல வந்தா தானாப் படிச்சுப் புரிஞ்சுக்கறாங்க, 40-க்கு கீழன்னா திண்டாடுறாங்க. அதே வார்த்தைதான் வேணும்கறதால 60-ங்கறதே நல்ல மார்க், ஸ்கூல் பரீட்சை கண்ணோட பாக்காதீங்க.

இதோட அருமை என்னன்னா, மேல சொன்ன முன்னறிவு, `it` குழப்பம், தொலைஞ்சுபோன `because` எல்லாமே இதுல மாட்டும். எல்லாரும் ஒரே கோட்டுல தப்பு பண்ணா அந்த வாக்கியத்துலதான் ஓட்டை. நேரம் இல்லன்னா ஒருத்தரை மட்டும் படிக்க வெச்சு, போஸ்ட்டை மூடிட்டு, "இப்போ என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. பம்ப் போஸ்ட்டைப் படிச்சவர் "மெக்கானிக்குக்கு போன் போடுவேன்"னு சொன்னா தெரிஞ்சிரும்.

கிளையன்ட் 70-க்கு கீழ இருந்தா வாங்கவே மாட்டேங்கறார், என்ன பண்ண?

கட்டாய வரம்புங்கறது புதுசு இல்ல. அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல இன்ஷூரன்ஸ் பாலிசியோட ஃப்ளெஷ் ஸ்கோர் குறைஞ்சது 45 இருக்கணும்னு சட்டமே இருக்கு. பாலிசி காகிதத்துக்கு அது நியாயம், 45-க்கே அங்க மூச்சு வாங்கும்.

உங்க கேஸ்ல, எந்த டூல், எதையெல்லாம் எடுத்துட்டுப் போடறதுன்னு முதல்ல எழுத்துல வாங்கிக்கங்க, இல்லன்னா அவர் லிஸ்ட்டோட ஒட்டிப் பாத்துட்டு 58-ம்பார். அடுத்து தலைப்பு வார்த்தையை மாத்திப் பாத்த ஸ்கோரையும் சேத்து அனுப்புங்க, கொலஸ்ட்ரால் கேள்வியில சொன்ன மாதிரி, ரெண்டு நம்பரையும் பக்கத்துல பாத்தா பல பேர் எறங்கி வந்துருவாங்க. அப்பவும் அடம்னா, பெயராக்குன வினைகளைத் திருப்பி வினையாக்குங்க, `and`-ல ஒட்டுன நீள வாக்கியத்தை வெட்டுங்க, இந்த ரெண்டுலயும் அர்த்தம் சேதாரமாகறது கம்மி. `because` இருக்குற வாக்கியத்தை கடைசி வரைக்கும் வெட்டாதீங்க, அதுக்கு 68-லயே நின்னு கிளையன்ட்கிட்ட சண்டை போட்டாலும் தப்பில்ல.